அட்டையில் அம்மா பெயர் இருக்கிறது, மனைவி பெயர் இல்லை

கேள்வி:

வணக்கம் மேடம். நாங்கள் களியக்காவிளை பக்கம். அப்பா, அம்மா, நான், தம்பி என்று நான்கு பேர் உள்ள பி.எச்.எச். ரேஷன் கார்டு. குடும்பத் தலைவி அம்மாதான். ஏழு மாதம் முன்பு திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் வைத்து அம்மா இறந்துபோனார். இன்னும் பெயரை எடுக்கவில்லை. அரிசி பழையபடி வருகிறது, அம்மா கணக்கில் மகளிர் உரிமைத் தொகையும் ஏறுகிறது. பெயரை எடுத்தால் கார்டே ரத்தாகிவிடும், வாரிசு சான்று வாங்கிவிட்டு எடு என்கிறார்கள். அக்கா பெயரைக் கல்யாணத்தின்போதே எடுத்துவிட்டோம், அதனால் வாரிசு நானும் தம்பியும் அப்பாவும்தான்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் கேரளத்தில் பாறசாலை. அவள் பெயர் அவர்கள் வீட்டு பிங்க் கார்டில் இருக்கிறது. எடுத்தால் சொத்தில் பங்கு போய்விடும், அரிசியும் குறையும் என்று மாமியார் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். பையன் பிறந்ததும் அங்கேதான். பிறப்புச் சான்றில் இன்னும் பெயர் இல்லை. மச்சான், “இப்போதைக்கு எங்கள் கார்டிலேயே சேர்த்துவிடலாம்” என்கிறார். மனைவிக்கு இங்கே வங்கிக் கணக்கு தொடங்கப் போனால், ரேஷன் கார்டு முகவரிச் சான்று ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் கொடுத்த கார்டை எப்படி வேண்டாம் என்று சொல்லலாம்? பேசாமல் நாங்கள் மூன்று பேரும் தனி கார்டு எடுத்துவிடலாமா?

— பெயர் வெளியிட வேண்டாம், விளவங்கோடு வட்டம்

பதில்:

உங்களுக்கு ஆக வேண்டிய வேலைகள் கடினமானவை அல்ல, வரிசை மாறினால்தான் சிக்கும். மனைவியைச் சேர்க்க விண்ணப்பித்தால் கேரளத்தில் நீக்கிய சான்று எங்கே என்பார்கள். அதற்குப் போனால் மாமியார் கையெழுத்து வேண்டும். இங்கே இணையத்தில் உள்ளே நுழையப் பார்த்தால் ஓடிபி அம்மாவின் போனுக்குப் போகும். ஆகவே அம்மாவின் பெயரிலிருந்து தொடங்குங்கள். பையனின் சான்றில் பெயர் ஏற்றும் வேலையும் மாமியாரிடம் பேசுவதும் அதோடு சேர்ந்தே நடக்கட்டும்.

அம்மாவின் பெயரை எடுக்கக் காத்திருக்க வேண்டாம்

தலைவர் இறந்தால் அட்டை ரத்தாகிவிடும் என்பது தவறான பேச்சு. அட்டை குடும்பத்துக்கு உரியது. தலைவர் இறந்தால் மீதி இருப்பவர்களில் ஒருவரைத் தலைவராக்கிவிட்டு இறந்தவர் பெயரை நீக்குவார்கள். பெயரை எடுக்காமல் வைத்திருப்பதில்தான் ஆபத்து. பி.எச்.எச்., அதாவது முன்னுரிமைக் குடும்ப அட்டைகளில் ஒவ்வொரு உறுப்பினரும் ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்து விவரத்தை உறுதி செய்ய வேண்டும். அம்மாவின் பெயரில் அது நடக்கவே நடக்காது, ஒருநாள் கேள்வி வரும். இறந்தவர் பங்கையும் சேர்த்து வாங்கியது தெரிந்தே செய்ததா, தெரியாமல் நடந்ததா என்பதற்கு அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஏழு மாதம் ஆனதற்காக யாரும் உங்களைக் குற்றவாளி ஆக்கப்போவதில்லை. நீங்களாகவே போய்ச் சொல்வதற்கும் அவர்கள் கண்டுபிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு, அவ்வளவுதான்.

உரிமைத் தொகை இதைவிடக் கூர்மையான விஷயம். அந்த 1,000 ரூபாய் அம்மா என்ற நபருக்கு வந்தது, அட்டைக்கு வந்தது அல்ல. அவர் இறந்த மாதத்துக்குப் பிறகு ஏறிய பணத்தை ஏ.டி.எம். அட்டை வைத்து எடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் இனி நிறுத்துங்கள். இறப்புச் சான்றின் நகலோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வங்கிக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

இறப்புச் சான்றை உங்கள் ஊராட்சி தராது. பிறப்பானாலும் இறப்பானாலும் சம்பவம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரின் பதிவாளர்தான் பதிவு செய்வார். வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. அம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில், ஆஸ்பத்திரி எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே பதிவாகியிருக்கும். கேரள உள்ளாட்சிகளின் சான்றுகளை இணையத்திலிருந்தும் எடுக்கலாம். நம் இ-சேவை மையம் போல அங்கே அக்ஷயா மையம், பாறசாலையில் உள்ள ஒன்றில் இறந்த தேதியும் பெயரும் சொன்னால் தேடித் தருவார்கள்.

சான்று கைக்கு வந்ததும் பெயரைப் பாருங்கள். எல்லைப் பகுதியில் அடிக்கடி உதைப்பது இதுதான். இங்கே அட்டையில் பெயரும் முதலெழுத்தும் இருக்கும். அங்கே ஆஸ்பத்திரிப் பதிவில் பெயரோடு கணவர் பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும். ஆங்கில எழுத்தும் மாறும். எடுத்துக்காட்டாக, ஒரே ஆள் ஓர் இடத்தில் Sreeja, இன்னோர் இடத்தில் Srija. முதலெழுத்து விரிந்திருப்பதை அலுவலர் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார், ஆதார் நகலைச் சேர்த்து வைத்தால் போதும். பெயரே வேறாக இருந்தால் பதிவு செய்த அலுவலகத்தில் திருத்தம் கேட்க வேண்டும். அதை இப்போதே செய்துவிடுங்கள். வாரிசு சான்றுக்கும் வங்கிக்கும் இதே தாள்தான் போகப்போகிறது.

வாரிசு சான்று வாங்கிவிட்டுப் பெயரை எடுக்கச் சொன்னவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். வாரிசு சான்று தருபவர் வட்டாட்சியர். இறப்புச் சான்றையும் உறவுகளையும் விசாரித்துத் தருவார். அதற்கு ரேஷன் கார்டை ஒரு துணை ஆவணமாகக் கேட்பார்கள், உண்மை. ஆனால் அம்மா பெயர் அட்டையில் நீடிக்க வேண்டிய தேவை இல்லை. கவலையிருந்தால், மாற்றும் முன் பழைய அட்டையின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே உங்களையும் திருத்தியாக வேண்டும். அக்காவின் பெயர் அட்டையில் இல்லாததால் அவர் வாரிசு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையில் பெயர் இருப்பதால் யாரும் வாரிசு ஆவதில்லை, இல்லாததால் வாரிசுரிமை போவதும் இல்லை. அக்கா உங்கள் அம்மாவின் மகள். வாரிசு சான்று விண்ணப்பத்தில் அவரை விட்டுவிட்டு எழுதினால் அது உண்மையை மறைத்து வாங்கிய சான்று ஆகும், பின்னால் ரத்தாகவும் கூடும். அவர் பெயரையும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்த தலைவர் யார்?

பலர் யோசிக்காமல் மூத்தவர் பெயரைப் போட்டுவிடுவார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். அட்டையில் ஒவ்வொருவருக்கும் தலைவரோடு என்ன உறவு என்று பதிவாகும். அப்பா தலைவரானால் உங்கள் மனைவி மருமகள், பையன் பேரன். நீங்கள் தலைவரானால் அவர் மனைவி, அவன் மகன், அப்பா தந்தை, தம்பி சகோதரர். நாளை உங்கள் மூவரின் உறவைக் காட்ட வேண்டிய இடங்களில் இரண்டாவது பதிவுதான் நேராகப் பேசும்.

உரிமைத் தொகையிலும் இதற்குப் பொருள் உண்டு. அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவருடைய மனைவியைக் குடும்பத் தலைவியாகக் கொள்வது அத்திட்டத்தின் விதி. அப்பா தலைவராகவும் அம்மா இல்லாமலும் இருந்தால் உங்கள் மனைவி அந்த வரையறைக்குள் நேராக வரமாட்டார். வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு என்று அதற்கு வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன, ஆகவே பணம் வரும் என்று நான் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் வாய்ப்பு வரும்போது அட்டை தடையாக இருக்க வேண்டாம் என்கிறேன்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013, வீட்டில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணே தலைவி என்கிறது. அம்மா பெயரை எடுத்தால் உங்கள் அட்டையில் பெண் யாரும் இல்லை. அதனால் இப்போது உங்கள் பெயர், மனைவி சேர்ந்த பிறகு விரும்பினால் அவர் பெயர் என்று போகலாம். அப்பாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தலைவர் பெயருக்கும் வீட்டுப் பட்டாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தால் மனம் கோணாது.

வேலை நடக்கும் விதம் இது. `tnpds.gov.in` தளத்தில் அட்டையோடு பதிவான செல்போன் எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் ஓடிபியால் உள்ளே போக வேண்டும். அந்த எண் அம்மாவுடையது என்றால் சிம்மை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள், ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். சிம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் அட்டை, உங்கள் ஆதார், இறப்புச் சான்று இவற்றோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்து முதலில் எண்ணை மாற்றுங்கள். இ-சேவை மையத்துக்கு அதற்கு முன்பே போனால் ஓடிபி இல்லாமல் திரும்பி வருவீர்கள்.

உள்ளே போனதும் முதலில் குடும்பத் தலைவர் மாற்றம், அது ஒப்புதலான பிறகு உறுப்பினர் நீக்கம். தலைவராக இருக்கும் நிலையிலேயே ஒருவரை நீக்கப் பார்ப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. தலைவர் மாற்றத்துக்கு உங்கள் புகைப்படமும் இறப்புச் சான்றும் வேண்டும், நீக்கத்துக்கு அதே சான்று போதும். இரண்டிலும் கிடைக்கும் விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். ஒப்புதல் தருபவர் வட்ட வழங்கல் அலுவலர். நிராகரித்தால் காரணம் அந்த எண்ணில் தெரியும். பெரும்பாலும் படிக்க முடியாத நகல், அல்லது வேறு ஆவணத்தை மாற்றி ஏற்றியது என்றுதான் இருக்கும்.

மனைவி: அங்கே எடுத்தால்தான் இங்கே

ஒருவர் பெயர் ஒரு நேரத்தில் ஓர் அட்டையில்தான் இருக்கலாம். இரண்டு மாநிலம் என்பதால் தெரியாது என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் அன்றே பிடிபடாமல் போகலாம், ஆனால் இரண்டு பக்கமும் ஆதார் எண் ஏறியிருக்கிறது. மாநிலங்களுக்கு இடையே ஒப்பிடும்போது இரட்டைப் பதிவு வெளியே வரும். அப்போது எந்த அட்டையிலிருந்து பெயர் போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. நோட்டீஸ் உங்கள் மாமியார் வீட்டுக்கும் போகலாம்.

மாமியாரின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பிங்க் அட்டை கேரளத்தின் முன்னுரிமை அட்டை, அதற்குத் தானியம் ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ. மகள் பெயர் போனால் அந்த 5 கிலோ குறையும். அதே 5 கிலோ இங்கே உங்கள் அட்டையில் ஏறும். இன்று உங்கள் அட்டையில் அம்மாவையும் சேர்த்து நான்கு பேர், 20 கிலோ. அம்மா போய், மனைவியும் பையனும் வந்தால் ஐந்து பேர், 25 கிலோ. அவர்கள் அட்டையின் நிறம் ஒருவர் திருமணமாகிப் போனதற்காக மாறாது. இதை ஒளிக்காமல் அவரிடம் சொல்வதே நல்லது. குறையாது என்று சமாளித்துவிட்டு, அடுத்த மாதம் கடையில் அவருக்கு 5 கிலோ குறைந்தால் பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும்.

மறுபாதி பயத்துக்கு அடிப்படையே இல்லை. சொத்துரிமை வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. இந்துக் குடும்பமானால் இந்து வாரிசுரிமைச் சட்டம், கிறிஸ்தவக் குடும்பமானால் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் கிறிஸ்தவப் பெண்களுக்கு ஆண்களைப் போலவே பங்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1986-இல் மேரி ராய் வழக்கிலேயே முடிவு செய்துவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்த வழக்குப் பெயர் பரிச்சயமாக இருக்கும், சொல்லிப் பாருங்கள். ரேஷன் அட்டையில் பெயர் இருந்தது என்பதைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் சொத்துப் பங்கு கேட்க முடியாது. பெயர் இல்லை என்பதைக் காட்டி மறுக்கவும் முடியாது.

மாமியாரின் சம்மதத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கேரளத்தில் அட்டை உடைமையாளர் பொதுவாக வீட்டின் மூத்த பெண். நீக்க விண்ணப்பம் அவர் வழியாகத்தான் போக வேண்டும். அவருடைய ஆதார், அட்டை, அதில் பதிவான போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு அக்ஷயா மையத்துக்குப் போங்கள். மகள் பெயரை நீக்கி ரிடக்‌ஷன் சர்டிபிகேட் வேண்டும் என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். அங்கே இன்னொரு சேவையும் உண்டு: ஓர் அட்டையிலிருந்து இன்னோர் அட்டைக்கு உறுப்பினரை மாற்றுவது. அது கேரளத்துக்குள் உள்ள அட்டைகளுக்கு. மையத்தில் கல்யாணமாகிப் போகிறாள் என்று மட்டும் சொன்னால் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள், புதிய அட்டை எண் கேட்குமிடத்தில் நிற்கும். தமிழ்நாட்டுக்குப் போகிறார் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். சான்று நெய்யாற்றின்கரை தாலுகா சப்ளை ஆபீஸ் பெயரில் வரும். பழைய அட்டை எண்ணும் மனைவியின் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

நீக்கிய நாளுக்கும் இங்கே சேர்த்த நாளுக்கும் நடுவில் மனைவி எந்த அட்டையிலும் இருக்கமாட்டார். பிரசவத்துக்குப் பிந்தைய சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ கேரள அரசின் காப்பீட்டில் நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை நீக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த இடைவெளியால் பெரிய நஷ்டம் இல்லை. உங்கள் பக்க வேலை, அதாவது தலைவர் மாற்றமும் அம்மாவின் நீக்கமும் முடிந்த பிறகு அங்கே நீக்கினால் இடைவெளியும் சுருங்கும்.

பையன்

மச்சான் சொன்னதைச் செய்யாதீர்கள். அங்கே சேர்த்தால் அவனுக்கும் ஒரு ரிடக்‌ஷன் சர்டிபிகேட் வாங்கும் வேலை உங்களுக்குத்தான் வரும். கேரளத்தில் பிறந்தான் என்பதற்காகக் கேரள அட்டையில் இருக்க வேண்டியதில்லை. அவன் எந்த வீட்டில் வளர்கிறானோ அந்த அட்டை.

முதல் வேலை, சான்றில் பெயர். குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிவு செய்யலாம், பிறகு பெயரைச் சேர்க்கலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. பிறப்பு பதிவான அதே கேரள உள்ளாட்சியில்தான் இதைச் செய்ய வேண்டும். பெயரை எழுதிக் கொடுக்கும் முன் ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள், முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதையும் சேர்த்து. ஒருமுறை ஏற்றிய பெயரை மாற்றுவது சேர்ப்பதுபோல் எளிதல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆவணம். இப்போது விழும் எழுத்துப்பிழை அவனோடு நெடுநாள் வரும்.

அதே சான்றில் அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டும் உங்கள் ஆதார்களோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பெயர் ஏறிய சான்றை வைத்து ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஆதார் எடுத்துவிடலாம். அதற்குக் கைரேகையோ கருவிழிப் பதிவோ கிடையாது, பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு இணைப்பார்கள். ஐந்து வயதானதும் ரேகை பதிய மறக்க வேண்டாம்.

பிறகு இங்கே உறுப்பினர் சேர்ப்பில் மனைவியையும் பையனையும் சேருங்கள். மனைவிக்கு ஆதார், திருமணச் சான்று, ரிடக்‌ஷன் சர்டிபிகேட். பையனுக்குப் பிறப்புச் சான்று, எடுத்திருந்தால் ஆதார். கேரளச் சான்று முழுக்க மலையாளத்தில் மட்டும் இருந்தால் ஆங்கிலமும் சேர்ந்த படியைக் கேட்டு வாங்குங்கள். விளவங்கோட்டில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், ஆனால் கோப்பு அவர்கள் மேசையோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

ஒப்புதலான பிறகும் கையில் உள்ள பழைய அட்டையில் பழைய விவரம்தான் அச்சாகியிருக்கும். கணக்கில் ஏறியதுதான் செல்லும். கடை இயந்திரத்தில் ஒருமுறை மனைவியை விரல் வைக்கச் சொல்லுங்கள், ஏற்றுக்கொண்டால் சேர்ந்துவிட்டது. அப்பா ரப்பர் வெட்டுக்காரர் என்றால் அவர் விரல் அடிக்கடி ஏமாற்றும், இனி மனைவி போய் வாங்கலாம்.

வங்கி சொன்னது சரிதான்

பல பத்தாண்டுகளாக எல்லா இடத்திலும் ரேஷன் கார்டைத்தான் கேட்டார்கள், அதனால் இந்த நம்பிக்கை வேரோடிவிட்டது. ஆனால் மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டு பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை, ரேஷன் அட்டையை அடையாளச் சான்றாகவோ இருப்பிடச் சான்றாகவோ பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2024-இல் ஒரு மறுகுடியமர்த்தல் வழக்கில் அதையே எடுத்துக்காட்டி, அட்டை முகவரிச் சான்று ஆகாது என்றது. வங்கிக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொள்ளும் ஆவணப் பட்டியலில் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை எல்லாம் உண்டு, ரேஷன் கார்டு இல்லை. அந்தக் கிளை உங்களை அலைக்கழிக்கவில்லை. அதுவும் மனைவி பெயரே இல்லாத அட்டையைக் காட்டியிருக்கிறீர்கள்!

அப்படியானால் அட்டை எதற்கு உதவும்? ஒரு குடும்பத்தில் யார் யார் என்பதைக் காட்ட. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் சேர அட்டையும் வருமானச் சான்றும் கேட்பார்கள், அட்டையில் பெயர் இருப்பவர்களைத்தான் குடும்பமாக எடுப்பார்கள். வருமானச் சான்று போன்றவற்றுக்கும் துணை ஆவணமாகக் கேட்பார்கள். நீங்கள் உறுப்பினர் பட்டியலைச் சரியாக்க வேண்டியது இதற்காகத்தான், வங்கிக்காக அல்ல.

வங்கிக்கு வழி மனைவியின் ஆதார் முகவரியை மாற்றுவது. இங்கே வீட்டு வாடகை ரசீதோ மின்கட்டண ரசீதோ அவர் பெயரில் இருக்காது. அதற்காகவே ஆதாரில் குடும்பத் தலைவர் ஒப்புதலோடு முகவரி மாற்றும் முறை 2023 முதல் இருக்கிறது. `myAadhaar` தளத்தில் மனைவி விண்ணப்பித்து, உங்கள் ஆதார் எண்ணைக் கொடுத்து, உறவுச் சான்றை ஏற்றிக் கட்டணம் கட்டினால் உங்களுக்கு ஒப்புதல் கேட்டு செய்தி வரும். 30 நாளுக்குள் நீங்கள் உள்ளே போய் ஏற்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் விண்ணப்பம் முடிந்துவிடும், கட்டிய பணமும் திரும்பாது. உங்கள் ஆதாரில் இந்த வீட்டு முகவரி சரியாக இருக்கிறதா, போன் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறவுச் சான்றாகத் திருமணச் சான்றையே ஏற்றுங்கள், கணவன் மனைவி என்று அதுதான் நேராகச் சொல்லும். இங்கே ‘குடும்பத் தலைவர்’ என்பது ரேஷன் கார்டின் தலைவர் அல்ல, முகவரியைப் பகிர ஒப்புக்கொள்ளும் குடும்பத்தவர். ஆகவே இதற்காக அட்டை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம். முகவரி மாறிய ஆதார், மனைவியை அட்டையில் சேர்க்கும்போதும் கேள்வியைக் குறைக்கும்.

தனி அட்டை இப்போது வேண்டாம்

தனி அட்டை தருவது தனிக் குடும்பத்துக்கு, அதாவது தனி அடுப்புக்கு. வீட்டுக்கு வந்து சமையலறையைப் பார்ப்பார்கள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு தனி அட்டை கேட்டால் நிராகரிப்பார்கள். அதோடு உங்கள் பெயரை இப்போதைய அட்டையிலிருந்து நீக்க வேண்டியிருக்கும். புதிய அட்டை பி.எச்.எச். ஆகத்தான் வரும் என்ற உறுதியும் இல்லை. அப்படி வராவிட்டால், வேறு மாநிலத்தில் போய் நின்றாலும் கடையில் வாங்கும் வசதி போய்விடும். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை முறை தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட அட்டைகளுக்கு மட்டும்தான். மனைவி குழந்தையோடு ஒரு மாதம் பாறசாலையில் தங்கினால் உங்கள் பி.எச்.எச். அட்டையைக் கொண்டு அங்குள்ள கடையில் தானியம் வாங்க முடியும். மாமியாரிடம் பேசும்போது இதையும் சொல்லலாம்.

தம்பிக்குத் திருமணமாகி, அல்லது நீங்கள் வேறு வீட்டுக்குப் போய், உண்மையிலேயே இரண்டு அடுப்பு எரியும்போது தனி அட்டை கேளுங்கள். அதுவரை, விண்ணப்பம் எங்காவது தேங்கினால் 1967 என்ற எண்ணில் விண்ணப்ப எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். வழக்கமாக மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்டந்தோறும் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமுக்கும் போகலாம். அங்கே பெயர் சேர்ப்பு, நீக்கம், போன் எண் மாற்றம் எல்லாவற்றுக்கும் மனு வாங்குகிறார்கள். போகும்போது அசல்களையும் நகல்களையும் இரண்டு தொகுப்பாகக் கொண்டு போங்கள், அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.